மேலாளர் பதவி வேண்டாம் என்று ஒரு கடிதம்: இப்படியே கொடுக்கலாமா?

ஷிம்தகடு · 11 ஜூன் 2024, இரவு 10.20

வியாழக்கிழமை காலை ஆலைத் தலைவரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் இது. 24 வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ரசாயன ஆலை, பெயர் வேண்டாம். மெயின்டனன்ஸ் மேலாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியை எனக்குத் தருகிறார்கள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவைப் பற்றி யாரும் பேச வேண்டாம், கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

“மதிப்பிற்குரிய ஐயா, என்மீது நம்பிக்கை வைத்து மெயின்டனன்ஸ் மேலாளர் பொறுப்பை அளிக்க முன்வந்ததற்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய பொறுப்புக்கு நான் தகுதியானவன் அல்ல என்று கருதுகிறேன். எனக்குத் தெரிந்தது இயந்திர வேலை மட்டுமே. ஆகவே எப்போதும் ஃபிட்டராகவே தொடர அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கீழ் இரண்டு பயிற்சியாளர்களைத் தந்தால் அவர்களை உருவாக்கித் தருவேன். ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

குறுக்குக்கேள்வி · 11 ஜூன், இரவு 10.51

இது மறுப்புக் கடிதமா, காய்ச்சலுக்கு விடுப்பு விண்ணப்பமா?

முடிவைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறீர்கள், பேசத்தான் போகிறேன். இந்த மாதிரி மறுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் கூட்டம் நடத்தப் பயம். அதுதான் காரணம் என்றால் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போங்கள். என் மைத்துனர் அப்படித்தான் போனார், இப்போது புனேயில் துணை மேலாளர்.

ஷிம்தகடு · 11 ஜூன், இரவு 11.15

ஆங்கிலம் இல்லை ஐயா. போன வருடம் மேலாளருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது ஆறு மாதம் அவர் நாற்காலியில் பொறுப்பாக உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நடத்தினேன், யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் நடந்த ஒன்றுதான் காரணம். நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

ஓய்வூதியர் · 12 ஜூன், காலை 6.05

ஒரு பெரிய ஆலையில் தொழிலாளர் உறவுப் பிரிவில் 31 வருடம் இருந்தவன் நான். இந்தக் கடிதத்தில் மூன்று சொற்களை அடித்துவிட்டுப் பிறகு பேசுவோம்.

முதலாவது “தகுதியானவன் அல்ல”. இது உங்கள் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். நாளை சிறப்பு கிரேடு கேட்டால் உங்கள் கையெழுத்தோடு இருக்கும் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பணிவுக்காக எழுதினீர்கள், தெரிகிறது. கோப்புக்கு அது தெரியாது.

இரண்டாவது “எப்போதும்”. உங்களுக்கு இப்போது 45 அல்லது 47 இருக்குமா? 54 வயதில் முட்டி என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியாது. இந்த முறை வேண்டாம் என்று எழுதுங்கள், அது போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். “எனக்குக் கீழ்” என்று எழுதாதீர்கள். 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தில் யார் தொழிலாளி என்று ஒரு வரையறை இருக்கிறது. மேலாளர் வேலை செய்பவர் சம்பளம் எவ்வளவானாலும் அதற்குள் வரமாட்டார். மேற்பார்வை வேலை செய்பவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவரும் வரமாட்டார். 10,000 என்பது 2010இல் திருத்திய வரம்பு. இன்றைக்கு ஆலையில் யார் அதற்குக் கீழே வாங்குகிறார்? மேலாளர் பதவியை மறுத்துவிட்டு, நான் மேற்பார்வையாளன்தான் என்று நீங்களே எழுதிக் கொடுப்பானேன்?

சுருதி_எந்திரவியல் · 12 ஜூன், காலை 8.40

ஐயா சொல்வது சரி. பதவிப் பெயர் மாறியதும் தொழிலாளி என்ற நிலை போய்விடும், சங்கம், ஓவர்டைம், ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் போய்விடும். அதனால்தான் பல நிறுவனங்கள் எல்லோருக்கும் “அலுவலர்” என்று பெயர் வைக்கின்றன.

ஓய்வூதியர் · 12 ஜூன், காலை 9.10

பாதி சரி, அம்மா. பெயர் மாறினால் மட்டும் போகாது. நீதிமன்றம் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, அவர் நாள் முழுவதும் முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்கும். அலுவலர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிப்பவர் தொழிலாளிதான். ஆனால் அதை நிரூபிக்க எட்டு வருடம் அலைய வேண்டியிருக்கும். கடிதத்தில் ஒரு சொல்லை மாற்ற எட்டு நொடி போதும்.

தண்டவாளம் · 12 ஜூன், பிற்பகல் 1.30

என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரயில்வேயில் சீனியர் டெக்னீஷியன் நான். ஜூனியர் இன்ஜினியராகப் பதவி உயர்வு வந்தது, வேறு கோட்டத்துக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மறுத்தேன். ஒரு வருடத்துக்கு மறுபடி கேட்கமாட்டார்கள் என்பது தெரியும். தெரியாமல் போனது இன்னொன்று. 10, 20, 30 வருடத்தில் தானாக வரும் சம்பள உயர்வுத் திட்டம் இருக்கிறதே, அதில் எனக்கு 20ஆம் வருடத்து உயர்வு வர வேண்டியிருந்தது. உரிய நாள் வருவதற்கு முன்பே பதவி உயர்வை மறுத்தவருக்கு அது கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். மறுப்பது இலவசம் இல்லை.

ஓய்வூதியர் · 12 ஜூன், பிற்பகல் 2.05

உங்களுடையது மத்திய அரசு விதி. இவர் இருப்பது தனியார் ஆலை, அங்கே அந்தத் திட்டம் கிடையாது. ஆனால் ஷிம்தகடு அவர்கள் ஒன்று செய்ய வேண்டும். ஆலையின் நிலையாணைகளையும் கடைசியாகப் போட்ட ஊதிய ஒப்பந்தத்தையும் எடுத்து, பதவி உயர்வை மறுத்தால் என்ன என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருந்தால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே தெரிய வேண்டும்.

ஷிம்தகடு · 12 ஜூன், இரவு 9.45

பார்த்துவிட்டேன். இல்லை. நன்றி ஐயா, மூன்று சொற்களையும் அடித்துவிட்டேன்.

இப்போது நேற்றுச் சொன்ன கதை.

எங்கள் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 2,980 சுற்று. உள்ளே வரும் தண்ணீர் 105 டிகிரி. போன ஆகஸ்டில் வருடாந்திர ஷட்டவுன் நடந்தது, நான் மேலாளர் நாற்காலியில் இருந்தேன். ஒப்பந்தக் குழு ஒன்று மோட்டாரையும் பம்பையும் லேசர் வைத்து நேர்படுத்தியது. அறிக்கை என் மேசைக்கு வந்தது. எல்லாக் கட்டமும் பச்சை, செங்குத்து விலகல் 0.00, கிடைமட்டம் 0.01. அன்றைக்கு மட்டும் 40 அனுமதிச் சீட்டுகள், இரண்டு கூட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த 0.00தான் தப்பு. குளிர்ந்த நிலையில் அந்தப் பம்ப் பூஜ்யத்தில் இருக்கக் கூடாது. ஓட ஆரம்பித்ததும் பம்பின் உடல் சூடாகி நிமிர்ந்து எழும்பும். மோட்டாரும் சூடாகும், ஆனால் அவ்வளவு எழும்பாது. கணக்கு எளிது. பீடத்திலிருந்து தண்டின் மையம்வரை 315 மில்லிமீட்டர். பம்பின் கால்களும் உடலும் சராசரியாக 40 டிகிரி கூடுகின்றன. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு 0.000011 பங்கு நீளும். பெருக்கினால் 0.14 மில்லிமீட்டர். மோட்டார் பக்கம் 15 டிகிரி, அங்கே 0.05. ஆக, பம்ப் மோட்டாரைவிட 0.09 மேலே போய்விடும். அந்த வேகத்தில் 0.05ஐத் தாண்டினாலே எனக்குப் பிடிக்காது. அதனால் குளிரில் மோட்டாரை 0.09 உயர்த்தி வைப்பேன். சூடானதும் இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும்.

இது என் சட்டைப்பை நோட்டில் 2011இலிருந்து இருக்கிறது. நான் தரையில் இருந்திருந்தால் அந்தக் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். லேசர் கருவியிலேயே சூட்டு வளர்ச்சியைக் கொடுக்க இடம் இருக்கிறது, கொடுத்தால் அதுவே இலக்கை மாற்றிக் காட்டும். யாரும் கொடுக்கவில்லை. ஏனென்றால் தெரிந்தவன் மாடியில் குளிர்சாதன அறையில் பச்சைக் கட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பம்ப் ஓடியது. முதல் அரை மணி நேரம் அதிர்வு 1.8. எல்லோரும் கைகுலுக்கினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து 6.4. பத்தொன்பதாம் நாள், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் நெளிதகடு கிழிந்தது. புதிது போட்டோம், அடுத்த மூன்று வாரத்தில் அதுவும் கிழிந்தது.

சுருதி_எந்திரவியல் · 12 ஜூன், இரவு 10.20

சுழலியின் எடைச் சமநிலைக் கோளாறாக இருந்திருக்கலாமே? அதிலும் அதிர்வு கூடும்.

ஷிம்தகடு · 12 ஜூன், இரவு 10.35

அப்படியானால் ஓட ஆரம்பித்த நிமிடத்திலிருந்தே இருந்திருக்கும், தங்கச்சி. குளிரில் 1.8, சூட்டில் 6.4 என்றால் சூடு எதையோ நகர்த்துகிறது. இன்னொன்று, அதிர்வு தண்டின் நீளவாக்கில்தான் அதிகம் இருந்தது, சுற்று வேகத்தின் இரண்டு மடங்கில் உச்சம். எடைக் கோளாறு பக்கவாட்டில் அடிக்கும், சுற்றுக்கு ஒரு முறை அடிக்கும். இது இரண்டு அச்சுகள் ஒன்றோடொன்று சண்டை போடுவதன் அடையாளம்.

தறியடி · 13 ஜூன், அதிகாலை 5.20

மன்னிக்கவும், கணக்கு உதைக்கிறது. நான் டர்பைன் பராமரிப்பில் இருக்கிறேன். வெறும் 0.09க்கு நெளிதகடு கிழியாது. அந்த மாதிரி கப்ளிங் அதைவிட அதிகமாகத் தாங்கும். பேரிங் முணுமுணுக்கும், சீல் கொஞ்சம் ஒழுகும், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிழிகிறது என்றால் வேறு ஏதோ இருந்திருக்கிறது. உங்கள் குற்ற உணர்ச்சி பம்பைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஷிம்தகடு · 13 ஜூன், காலை 7.10

ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பிடித்துவிட்டீர்கள். ஆம், வேறு இருந்தது. எழுதுவதற்குக் கூச்சமாக இருந்ததால் நேற்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தகடு கிழிந்தபோது நாற்காலியை விட்டு இறங்கி வந்தேன். பம்பை நிறுத்தியதும் பூட்டுப்போட்டு, சூடு ஆறுவதற்குள் டயல் கேஜ் வைத்து அளந்தோம். 0.21 வந்தது. 0.09 சூட்டு வளர்ச்சி. மீதி 0.12 எங்கிருந்து வருகிறது என்று ஒரு மணி நேரம் பீடத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன், மென்கால் இல்லை, எல்லாக் காலும் பீடத்தில் படிந்தே இருந்தன. அப்போது எங்களோடு ஐடிஐ முடித்து வந்த பையன் ஒருவன் இருந்தான், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அண்ணா, அந்த ஸ்பிரிங்கில் ஏன் ஊசி மாட்டியிருக்கிறது?” என்று கேட்டான்.

வெளியேற்றுக் குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் தொங்கலில், சிவப்புச் சாயம் பூசிய பூட்டு ஊசி அப்படியே இருந்தது. ஷட்டவுனில் குழாயைக் கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளாமல் இருக்க மாட்டுவார்கள், பிறகு உருவிவிட வேண்டும். உருவவில்லை. குளிரில் ஒன்றும் தெரியாது. சூடானதும் குழாய் நீளும், ஸ்பிரிங் விட்டுக்கொடுக்காது, அந்த அழுத்தம் முழுவதும் பம்பின் கழுத்தில் இறங்கும். ஊசியை உருவி மறுநாள் சூட்டில் அளந்தால் 0.10. அடுத்த நிறுத்தத்தில் மோட்டார் காலுக்கு அடியில் ஷிம் சேர்த்து அந்த 0.10ஐயும் எடுத்தோம். அதிர்வு சூட்டிலும் 1.9. அன்றிலிருந்து தகடு கிழியவில்லை.

24 வருட அனுபவம் பீடத்தைச் சுற்றி வந்தது, இரண்டு மாத அனுபவம் அண்ணாந்து பார்த்தது. இதை மனைவியிடம் சொன்னேன், ஒரு வாரம் சிரித்தாள்.

குறுக்குக்கேள்வி · 13 ஜூன், காலை 11.00

ஆக, உங்கள் கதை உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. ஊசியைப் பார்த்தது நீங்கள் இல்லை. 0.09ஐ யாருக்கும் சொல்லாமல் 12 வருடம் சட்டைப்பையில் வைத்திருந்தது நீங்கள். நல்ல மேலாளர் என்ன செய்திருப்பார்? ஒவ்வொரு பம்புக்கும் குளிர்நிலை அளவு எழுதிப் பட்டியல் போட்டு, ஷட்டவுன் படிவத்தில் “ஸ்பிரிங் ஊசி உருவியாயிற்றா?” என்று ஒரு கட்டம் சேர்த்திருப்பார். நீங்கள் தரையில் இருந்தால்தான் பம்ப் ஓடும் என்றால் அது திறமை இல்லை, பதுக்கல்.

ஷிம்தகடு · 13 ஜூன், பிற்பகல் 12.40

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சோறு இறங்கவில்லை.

பதுக்கல் என்ற சொல் சரியானதுதான். மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதை எழுதி வைக்க மேலாளராக வேண்டுமா? ஃபிட்டர் எழுதினால் பேனா எழுதாதா? கடிதம் இன்னும் கொடுக்கவில்லை. தலைவர் சென்னை போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருகிறார். நல்லதாகப் போயிற்று.

தண்டவாளம் · 13 ஜூன், இரவு 8.15

பணக் கணக்கை யாரும் கேட்கவில்லையே. எவ்வளவு கூட்டித் தருகிறார்கள்?

ஷிம்தகடு · 13 ஜூன், இரவு 9.30

இப்போது மாதம் 46,000. அதை 26 நாள், எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 221 வருகிறது. ஓவர்டைம் இரண்டு மடங்கு, 442. மாதம் சராசரியாக 16 மணி நேரம் ஓவர்டைம் வரும், அது 7,000 சொச்சம். மொத்தம் 53,000. மேலாளருக்கு 55,000 தருகிறார்கள், ஓவர்டைம் கிடையாது. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தால் போய்த்தான் ஆக வேண்டும். 2,000 ரூபாய்க்கு அத்தனை இரவு.

பணத்துக்காக மறுக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படி எழுதிப் பார்த்த பிறகு கொஞ்சம் அதுவும் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஓய்வூதியர் · 14 ஜூன், காலை 6.30

55,000 தொடக்கம்தானே. மேலாளர் கிரேடில் வருட உயர்வு வேறு விகிதம். ஐந்தாம் வருடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும், அதையும் எழுதிப் பாருங்கள். மறுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்து மறுங்கள்.

சுருதி_எந்திரவியல் · 14 ஜூன், காலை 9.00

இதற்குத்தான் இரண்டு ஏணிகள் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று. ஐபிஎம் 1960களிலேயே தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு ஃபெல்லோ என்று தனிப் பதவி வைத்தது. ஜெர்மனியில் மைஸ்டர் என்று இருக்கிறார்கள், மிக உயர்ந்த நிலையிலும் கையால்தான் வேலை செய்வார்கள். அண்ணன் கடிதத்தில் அந்த மாதிரி ஒரு பதவி கேட்கலாம்.

தறியடி · 14 ஜூன், பகல் 12.15

ஸ்டுட்கார்ட்டில் நான்கு வருடம் இருந்தேன். தச்சுப் பட்டறை, ரொட்டிக்கடை மைஸ்டர் என்றால் நீங்கள் சொல்வது சரி, அவர் கையும் மாவில் இருக்கும். தொழிற்சாலை மைஸ்டர் அப்படி இல்லை. அவர் ஷிஃப்டுக்கு ஆள் பிரிப்பார், விடுப்புக்குக் கையெழுத்துப் போடுவார், நாள் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். எங்கள் மைஸ்டர் ஸ்பேனர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் காபி அருமையாகப் போடுவார்.

ஐபிஎம் உதாரணமும் விஞ்ஞானிகளுக்கு. ஃபிட்டருக்கு யார் ஏணி வைத்தார்கள்?

குறுக்குக்கேள்வி · 14 ஜூன், பகல் 12.40

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? அதுதான் உண்மையான கூட்டம்.

ஷிம்தகடு · 14 ஜூன், இரவு 10.05

மனைவிக்குச் சம்மதம். அந்த ஆறு மாதம் ராத்திரி ராத்திரி போன் அடித்ததைப் பார்த்தவள் அவள்தான். மாமனாருக்கு வருத்தம். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே “மேலாளர்” என்று போட்டால் சம்பந்தி வீட்டில் ஒரு மதிப்பு என்கிறார். பத்திரிகை அடித்து முடிக்கும் வரையாவது கடிதத்தைக் கொடுக்காதே என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மகளிடமே கேட்டேன். “அப்பா, பெயருக்குக் கீழே ஒன்றும் போட வேண்டாம், கை விரலில் கிரீஸ் இல்லாமல் வந்தால் போதும்” என்றாள்.

ஷிம்தகடு · 16 ஜூன், மாலை 5.50

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போயிற்று. புதிய கடிதம்:

“மதிப்பிற்குரிய ஐயா,

மெயின்டனன்ஸ் மேலாளர் பொறுப்பை எனக்குத் தர முன்வந்ததற்கு நன்றி. இந்த முறை அதை ஏற்க இயலவில்லை. சுழலும் இயந்திரங்களில் நேரடியாக வேலை செய்வதையே தொடர விரும்புகிறேன்.

காரணம் தாங்கள் அறிந்ததே. சென்ற ஆகஸ்டில் பாய்லர் பம்பின் நேர்படுத்தல் அறிக்கைக்கு நான் தளத்துக்குப் போகாமல் கையெழுத்திட்டேன். மேலாளரின் வேலை நேரத்தில் தளத்துக்குப் போவதற்கு இடம் இல்லை என்பதை அந்த ஆறு மாதத்தில் கண்டேன்.

என் அனுபவம் என் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது என்பதையும் உணர்கிறேன். எனவே, நம் ஆலையில் 60 டிகிரிக்கு மேல் சூடாக ஓடும் 14 பம்புகளுக்கும் குளிர்நிலையில் மோட்டார் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சூட்டில் அளந்து சரிபார்த்து, பீடத்திலேயே தகட்டில் பொறித்துத் தருவேன். டிசம்பருக்குள் முடியும். பயிற்சிக்கு வருபவர்களுக்கு நேர்படுத்தலும் பேரிங் பொருத்துதலும் கற்றுக்கொடுப்பேன்.

இரண்டு வேண்டுகோள். நேர்படுத்தல் அறிக்கை எதுவும் தளத்தில் நேரில் பார்த்த ஃபிட்டரின் கையெழுத்து இல்லாமல் மேலாளரிடம் போகக் கூடாது என்று ஆணையிட வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் மூத்த தொழில்நுட்பருக்கு ஒரு தனி கிரேடு பற்றிப் பரிசீலிக்க வேண்டும். பதிலை எழுத்தில் தந்தால் நன்றாக இருக்கும்.”

ஓய்வூதியர் · 16 ஜூன், இரவு 7.20

நன்று. இரண்டு இடம். “தளத்துக்குப் போவதற்கு இடம் இல்லை” என்ற வரி ஓய்வுபெறப்போகும் மேலாளரைக் குத்துவது போல் இருக்கிறது. “என்னால் இயலவில்லை” என்று எழுதுங்கள்.

அந்த ஆகஸ்ட் பத்தி வேண்டுமா என்று யோசியுங்கள். உண்மைதான், ஆனால் தன் தவறைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதை 31 வருடத்தில் நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

தறியடி · 16 ஜூன், இரவு 8.00

நான் மறுக்கிறேன் ஐயா. அந்தப் பத்தி இல்லாவிட்டால் முதல் வேண்டுகோளுக்கு அர்த்தமே இல்லை. ஏன் ஃபிட்டர் கையெழுத்து வேண்டும் என்று தலைவர் கேட்டால் என்ன சொல்வார்?

ஓய்வூதியர் · 16 ஜூன், இரவு 8.10

வாயால் சொல்வார். வாய்க்குக் கோப்பு எண் கிடையாது.

ஷிம்தகடு · 17 ஜூன், இரவு 9.15

கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் பத்தியை எடுக்கவில்லை, மன்னியுங்கள் ஐயா. மேலாளரைப் பற்றிய வரியை நீங்கள் சொன்னபடி மாற்றினேன்.

தலைவர் இரண்டு முறை படித்தார். ஆகஸ்ட் பத்தியில் நின்றுவிட்டு, “ஊசியை உருவ வேண்டிய ஒப்பந்தக்காரருக்கு நாம் பணம் பிடித்தோமா?” என்று கேட்டார். என் கவலை ஒன்று, அவர் கவலை ஒன்று. பிடிக்கவில்லை என்றேன். தலையை ஆட்டினார். பிறகு, “54 வயதில் என்ன செய்வீர்கள்?” என்றார். இங்கே வந்து ஓய்வூதியர் ஐயா எழுதியதைப் படித்திருப்பாரோ என்று ஒரு நொடி திக்கென்றது. என்னிடம் பதில் இல்லை. இப்போதே டயலில் நூறில் ஒரு பங்கைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. வலது தோள் மழைக்காலத்தில் தலைக்கு மேலே போவதில்லை. தெரியவில்லை என்றேன்.

தண்டவாளம் · 18 ஜூன், காலை 7.00

உங்கள் நாற்காலிக்கு யார் வருகிறார்கள்? அதைச் சொல்லவில்லையே. நான் மறுத்த இடத்துக்கு வந்தவர் என் வாழ்க்கையில் ஐந்து வருடத்தைத் தின்றார்.

ஷிம்தகடு · 6 ஜூலை, இரவு 10.40

எழுத்தில் பதில் வந்தது, நான்கே வரி. மறுப்பை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஃபிட்டர் கையெழுத்து ஆகஸ்ட் ஷட்டவுனிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. கிரேடு பற்றி, “ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின்போது கவனிக்கப்படும்.” ஓய்வூதியர் ஐயாவுக்கு இந்த வாக்கியத்தின் பொருள் என்னைவிட நன்றாகத் தெரியும்.

நாற்காலிக்கு வேறு ஆலையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், 34 வயது. முதல் நாளே பம்ப் அறைக்கு வந்து பீடத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து, “இது ஏன் பூஜ்யம் இல்லை?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஐடிஐ பையன் விளக்க ஆரம்பித்துவிட்டான். மோட்டார் பக்கத்தைக் கழிக்க மறந்து 0.14 என்று சொன்னான். பிறகு தனியாகக் கூப்பிட்டுத் திருத்தினேன்.

ஓய்வூதியர் · 7 ஜூலை, காலை 6.10

“கவனிக்கப்படும்” என்றால் சங்கச் செயலாளரிடம் இன்றைக்கே போய், கோரிக்கைப் பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று பொருள்.

ஷிம்தகடு · 7 ஜூலை, இரவு 9.00

போனேன். சேர்த்தார், 23ஆவது கோரிக்கை. 22ஆவது கேன்டீனில் முட்டை.

14 பம்பில் மூன்றுக்குத் தகடு பொறித்தாயிற்று. நான்காவது கண்டன்சேட் பம்ப், அதில் கணக்குக்கும் சூட்டில் அளந்ததற்கும் 0.06 வித்தியாசம் வருகிறது. தறியடி அவர்களே, பீடத்தின் ஒரு பக்கம் மட்டும் வெயில் படுகிறது, அது இவ்வளவு செய்யுமா?

தறியடி · 7 ஜூலை, இரவு 11.30

செய்யும். ஆனால் முதலில் அண்ணாந்து பாருங்கள்.